எட்மன்டன் குளிரில் கால் தோல் உரிந்தால் முதலில் மாற்ற வேண்டியது சோப்பு

கேள்வி: ஆகஸ்டில் முதுகலை படிக்க எட்மன்டன் வந்தேன். சொந்த ஊர் மதுரை. நவம்பர் பாதியிலிருந்து முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை பூத்து, மீன் செதில் போல உரிகிறது. இரவில் அரிப்பு தாங்க முடியவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த லோஷனைத் தினமும் இரண்டு வேளை பூசுகிறேன். பத்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. சோப்பு, பவுடர், எண்ணெய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? கையில் காசு அதிகம் இல்லை. எதை முதலில் மாற்றுவது?

பதில்:

சோப்பை இன்றே மாற்றுங்கள். லோஷனை அடுத்த வாரம் மாற்றினாலும் குடி முழுகிவிடாது. பவுடரை எடுத்து உள்ளே வையுங்கள். எண்ணெய் இருக்கட்டும். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. அதை என் சித்தி மகளின் கதையாகச் சொன்னால் எளிதாகப் புரியும், ஏனென்றால் அவள் கதையும் உங்கள் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் இதே ஊரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன்பு அவள் தேனியிலிருந்து இங்கே படிக்க வந்தாள். சித்தி கட்டிக்கொடுத்த பெட்டியில் ஆறு சந்தன சோப்பு, ஒரு டப்பா பயத்தம் மாவு, முகப்பவுடர், அரை லிட்டர் தேங்காய் எண்ணெய், 200 மில்லி லோஷன் ஒரு புட்டி, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு படர்தாமரைக் களிம்பு. வந்த புதிதில் எல்லாம் சரியாகவே இருந்தது. செப்டம்பரில் போன் செய்து, "இந்த ஊர் எனக்கு ஒத்துக்கொண்டது அக்கா, தோல் எண்ணெய் வழிவதே இல்லை" என்று பெருமைப்பட்டாள். நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினாள். கறுப்புக் காலுறையின் உட்பக்கம் முழுக்க வெள்ளைத் தூள். கெண்டைக்காலில் வறண்ட குளத்து மண் போலக் கோடுகள். இரவில் சொறிந்து சொறிந்து ஆங்காங்கே இரத்தம் கட்டியிருந்தது.

அவள் பழி போட்டது குளிரின் மீது. குளிர் பாதிக் காரணம்தான். மீதியைச் செய்வது அறைக்குள் ஓடும் ஹீட்டர். மைனஸ் 20 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று சுமக்கக்கூடிய நீராவி ஏறக்குறைய ஒரு கிராம்தான். அந்தக் காற்றை உள்ளே இழுத்து 22 பாகைக்குச் சூடாக்கினால் அதற்கு 19 கிராம் வரை சுமக்கும் சக்தி வந்துவிடுகிறது. ஆனால் கையிருப்பு அதே ஒரு கிராம். சமையல், குளியல், மூச்சுக்காற்று எல்லாம் சேர்ந்து அறையின் ஈரப்பதத்தை 15, 20 சதவீதத்துக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். சென்னையில் 30 பாகை வெயிலில் 70 சதவீத ஈரப்பதம் என்றால் அதே கன மீட்டரில் 21 கிராம் நீர் இருக்கும். ஊரில் உங்கள் தோல் இத்தனை வருடம் வாழ்ந்தது அந்தக் காற்றில். இங்கே காற்று எந்நேரமும் தாகத்தோடு இருக்கிறது. ஈரம் கிடைக்கும் இடம் உங்கள் கால்தான்.

தோலின் மேல் அடுக்கு செத்த செல்களால் ஆனது. செங்கல் சுவர் போல அடுக்கி, இடையில் கொழுப்பைச் சாந்தாகப் பூசியது போன்ற அமைப்பு. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவைதான் அந்தச் சாந்து. உள்ளிருக்கும் நீர் வெளியே போகாமல் காப்பது அதன் வேலை. முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு என்பதால் முதல் அடி அங்கேதான் விழும். முகம் பளபளவென்று இருக்கும்போதே கால் உரிவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது சோப்புக்கு வருகிறேன். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்யும் எந்தச் சோப்பும், விலை எவ்வளவானாலும், சந்தனமோ மூலிகையோ எது கலந்திருந்தாலும், காரத்தன்மை உள்ளது. அதன் அமிலகாரக் குறியீடு, அதாவது பிஹெச், 9 முதல் 10 வரை. தோலின் இயல்பு 5-ஐ ஒட்டி. அழுக்கு எண்ணெயைக் கழுவும் வேகத்தில் சோப்பு அந்தச் சாந்தையும் சேர்த்துக் கரைக்கும். போதாததற்குத் தோலைச் சிறிது நேரம் காரமாகவே விட்டுவிடும். ஊரில் இரண்டு வேளை சோப்பு போட்டுக் குளித்தும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம், காற்றிலேயே ஈரம் இருந்ததும் வியர்வையும் எண்ணெயும் சீக்கிரம் ஈடுகட்டியதும்தான். இங்கே ஈடுகட்ட ஆளில்லை. எட்மன்டன் குழாய்த் தண்ணீர் கடின நீர் வேறு. அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகும். குளியல் தொட்டியின் ஓரத்தில் சாம்பல் நிறக் கோடாக நிற்பது அதுவே. அந்தப் படிவு உங்கள் காலிலும் தங்கும்.

இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "அட்டையில் கிரேடு ஒன் என்று போட்டிருக்கிறதே அக்கா, டிஎஃப்எம் 76 சதவீதம்" என்றாள். நம் ஊரில் பரவலாக உள்ள நம்பிக்கை இது. அந்த எண் சொல்வது கட்டியில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதை மட்டும். சோப்பின் தரத்துக்கு அது நல்ல அளவுகோல்தான். கட்டி கரையாமல் உழைக்கும், கலப்படம் குறைவு. ஆனால் 76 இருந்தாலும் அது சோப்புதான், காரமும் காரம்தான். அவள் வேதியியல் மாணவி. மறுநாள் ஆய்வகத்திலிருந்து நான்கைந்து பிஹெச் சோதனைத் தாள்கள் கொண்டுவந்தாள். நனைந்த சந்தன சோப்பின் மேல் ஒன்றை ஒட்டினாள்; ஒரு நொடியில் கரும்பச்சையாகி நீலத்தை நோக்கிப் போனது. தாளோடு வந்த நிற அட்டையில் வைத்துப் பார்த்தால் 10. என் குளியலறையில் இருந்த சோப்பு அல்லாத கட்டியில் ஒட்டியது இளம்பச்சையிலேயே நின்றது, 7-க்குக் கொஞ்சம் கீழே. அதற்குப் பிறகு நான் வாதாட வேண்டியிருக்கவில்லை.

கடையில் அதை அடையாளம் காண்பது எளிது. முன்பக்க அட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், பின்பக்கம் திருப்புங்கள். பொருள்பட்டியலின் தொடக்கத்திலேயே சோடியம் பாமேட், சோடியம் டாலோவேட், சோடியம் கோகோயேட் என்று வந்தால் அது சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்று தொடங்கினால் அது செயற்கைக் கழுவுபொருள்; தோலோடு சண்டை போடாத வகை. திரவமாக வேண்டுமென்றால் நுரை வராத, பால் போன்ற கிளென்சர்கள் உண்டு. அவற்றில் நுரை இல்லையே, அழுக்குப் போகுமா என்று முதல் வாரம் மனம் உறுத்தும். போகும். இன்னொன்று: 'நறுமணம் சேர்க்காதது' என்பதும் 'மணமற்றது' என்பதும் ஒன்றல்ல. மணமற்றது என்று போட்டிருப்பதில் மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனைப்பொருள் கலந்திருக்கலாம். கனடாவில் அட்டை இரண்டு மொழிகளிலும் இருக்கும். பட்டியலில் பர்ஃப்யூம் என்ற சொல் தென்பட்டால் அதை வைத்துவிடுங்கள்.

கட்டியை மாற்றினால் மட்டும் போதாது, குளிக்கும் விதமும் மாற வேண்டும். வெளியே மைனஸ் 25 என்றால் கொதிக்கும் ஷவரில் இருபது நிமிடம் நிற்கத் தோன்றும். அதைவிடச் சுகம் உலகத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெந்நீர் அந்தச் சாந்தை இன்னும் வேகமாக இளக்கும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. சோப்பு அல்லாத கட்டியையும் அக்குள், இடுப்புக்கீழ், பாதம் ஆகிய இடங்களில் மட்டும் போட்டால் போதும். கெண்டைக்காலில் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் மட்டுமே. அங்கே என்ன அழுக்குச் சேர்ந்திருக்கிறது, மூன்று அடுக்கு உடைக்குள்?

பயத்தம் மாவைச் சித்தி கேட்டுக்கேட்டு அனுப்பியதால் அவளுக்கு மனம் வரவில்லை. மாவில் காரம் இல்லை, உண்மை. ஆனால் அது எண்ணெயை உறிஞ்சி எடுக்கும், தேய்க்கும்போது உரியும் தோலைச் சிராய்க்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் எண்ணெயைப் போக்க அதுவே மேல். வறண்ட காலுக்கு அல்ல. முகப்பவுடரின் வேலையே ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சுவதுதான். இங்கே அதற்கு உறிஞ்ச ஒன்றுமில்லை.

அடுத்தது லோஷன். பத்து நிமிடத்தில் பழையபடி ஆகிறது என்கிறீர்களே, அதில் வியப்பில்லை. நம் ஊர் வெயிலுக்காகச் செய்த மெல்லிய லோஷனில் பெரும்பகுதி தண்ணீர். அது காற்றோடு போய்விடும்; மிஞ்சுவது மெல்லிய படலம். அளவு என்று பார்த்தால் இன்னும் மோசம். அவள் புட்டி 200 மில்லி. ஆகஸ்ட் நடுவில் திறந்தது, நவம்பர் கடைசியில் முடிந்தது. நூறு நாளுக்கு 200 மில்லி, அதாவது நாளுக்கு 2 மில்லி, முழு உடம்புக்கும். தோல் மருத்துவத்தில் விரல்நுனி அளவு என்று ஒரு கணக்கு உண்டு. டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். மணிக்கட்டு வரை ஒரு கைக்கு மூன்று, அதற்குக் கீழே உள்ளங்கையும் புறங்கையும் சேர்த்து ஒன்று, ஒரு காலுக்கு ஆறு, பாதத்துக்கு இரண்டு. இரண்டு கையும் இரண்டு காலும் சேர்த்து இருபத்துநான்கு அளவு, 12 கிராம். சமையலறைத் தேக்கரண்டியால் இரண்டரை. அவளுக்கு அதை ஒரு தட்டில் எடுத்துக் காட்டினேன். "இவ்வளவா? இது ஒரு வாரத்துக்கு வரும் என்றல்லவா நினைத்தேன்" என்றாள்.

பம்பு வைத்த புட்டியில் வருவது பொதுவாக லோஷன். அகன்ற வாய் டப்பாவில், கவிழ்த்தாலும் விழாமல் நிற்பது கிரீம். உங்களுக்கு வேண்டியது கிரீம். பட்டியலின் முதல் ஐந்தாறு பொருள்களுக்குள் கிளிசரினும் பெட்ரோலாட்டமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிளிசரின் நீரைப் பிடித்துவைக்கும். பெட்ரோலாட்டம் அதாவது வாசலின், அந்த நீர் தப்பாமல் மூடும். செராமைடு இருந்தால் நல்லது, இல்லையென்றால் அதற்காகக் கூடுதலாகப் பத்து டாலர் கொடுக்க வேண்டாம். பெரிய கடைகளின் சொந்தப் பெயரில் வரும் கிரீமின் பட்டியலையும் விளம்பரம் வரும் கிரீமின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பல சமயம் முதல் ஆறு ஏழு பெயர்கள் ஒன்றாகவே இருக்கும். 454 கிராம் டப்பா ஒன்று, நாளுக்கு 12 கிராம் என்றால் 38 நாள் வரும். நவம்பர் முதல் மார்ச் வரை நான்கு டப்பா என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டியும் முதல் டப்பாவும் ஒரு வாசலினும் சேர்த்து முப்பது டாலரை ஒட்டி முடிந்துவிடும்.

பூசும் நேரம்தான் பலரும் தவறவிடுவது. வறண்ட காலில் பூசினால் வறட்சியைத்தான் மூடி வைக்கிறீர்கள். ஷவரை நிறுத்தியதும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்; தோலில் மெல்லிய ஈரம் மிஞ்ச வேண்டும். குளியலறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே, மூன்று நிமிடத்துக்குள், கிரீம் பூசி முடியுங்கள். உள்ளே நிற்கும் ஆவி அதுவரை உங்களுக்குத் துணை. மேலிருந்து கீழாக, முடி போகும் திசையில் பூசினால் மயிர்க்கால்களில் சிறு கொப்புளங்கள் வராது. வெடித்த குதிகாலுக்கு மட்டும் படுக்கப் போகும்போது வாசலின் தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். யூரியா 10 சதவீதம் கலந்த கிரீமும் தடித்த தோலுக்கு நல்லது. ஆனால் பிளந்து இரத்தம் தெரியும் இடத்தில் அதைப் போட்டால் மிளகாய் வைத்தது போல எரியும். முதலில் வாசலினால் பிளவு மூடட்டும், பிறகு யூரியா.

தேங்காய் எண்ணெயை இருக்கட்டும் என்று சொன்னதற்கு விளக்கம். அது 24 பாகைக்குக் கீழே உறையும், ஆகவே உங்கள் அறையில் புட்டிக்குள் வெள்ளைக் கட்டியாக நிற்கும். கெட்டுப்போகவில்லை, வெந்நீர்க் குவளையில் வைத்தால் இளகும். ஈரத் தோலில் பூசினால் நன்றாகவே மூடும். கிளிசரின் போல நீரைப் பிடித்துவைக்கும் பொருள் அதில் இல்லை என்பதுதான் குறை. கிரீம் தீர்ந்துபோய்க் கையில் காசில்லாத வாரத்தில் அது கைகொடுக்கும். மற்ற நாட்களில் தலைக்கு.

இனி அந்தப் படர்தாமரைக் களிம்பு. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்தக் கதையில் உண்மையிலேயே தவறிப்போனது இங்கேதான். டிசம்பர் முதல் வாரத்தில் அவள் கெண்டைக்காலில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் வட்டமான சிவந்த திட்டு ஒன்று வந்தது. வட்டம் என்றதும் படர்தாமரை என்று முடிவு செய்து, எனக்குச் சொல்லாமல் அந்தக் களிம்பைப் பூசினாள். நான்கு நாளில் சிவப்பு அடங்கியது. நிறுத்திய ஐந்தாம் நாள் அதே இடத்தில் கசிவோடு திரும்பியது. பக்கத்தில் இன்னும் இரண்டு.

நம் ஊரில் விற்கும் அந்த வகைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால் போன்ற மிகக் கடுமையான ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். சிவப்பு அடங்கியது ஸ்டீராய்டால். பூஞ்சை இருந்திருந்தால் அந்த ஸ்டீராய்டே அதை உள்ளுக்குள் பரவ விட்டிருக்கும். வறண்ட குளிரில் வரும் வட்டத் திட்டு பெரும்பாலும் நாணய எக்ஸிமா, அதாவது பூஞ்சையால் வராத தோல் அழற்சி. படர்தாமரை என்றால் வட்டத்தின் விளிம்பு தடித்து, செதில் அங்கே அதிகமாக இருக்கும், நடுப்பகுதி தெளிந்துகொண்டே வரும், வட்டம் வாரத்துக்கு வாரம் விரியும். நாணய எக்ஸிமாவில் நடுவும் விளிம்பும் ஒன்றுபோலச் சிவந்து, கசிந்து பொருக்குக் கட்டும். இந்த வேறுபாட்டை வைத்து ஊகிக்கலாம், உறுதி சொல்ல முடியாது. ஸ்டீராய்டு ஒருமுறை பூசிவிட்டால் ஊகமும் கெட்டுவிடும். பல்கலைக்கழக மருத்துவரிடம் அனுப்பினேன். திட்டின் ஓரத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள், பூஞ்சை இல்லை. மிதமான ஸ்டீராய்டு களிம்பு, திட்டின் மேல் மட்டும், இரண்டு வாரம். உங்களுக்கு வட்டத் திட்டு, கசிவு, மஞ்சள் பொருக்கு, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் கிரீமோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் பொருக்கு என்றால் கிருமி புகுந்திருக்கலாம்.

அறைக்கு ஹ்யூமிடிஃபையர் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முதலில் பத்துப் பதினைந்து டாலருக்கு ஓர் ஈரப்பதமானி வாங்குங்கள். 30 சதவீதம் வரை ஏற்றினால் போதும். அதற்கு மேல் போனால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து, சட்டத்தில் உறைந்து, மார்ச்சில் கருப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். வாடகை வீட்டில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். மைனஸ் 30 நாட்களில் 30 சதவீதமே கண்ணாடிக்கு அதிகம். துணிக்கு வாசனையில்லாத சோப்புத்தூள், டிரையரில் போடும் வாசனைத் தாள் வேண்டாம், கம்பளிக்குள் பருத்தி: இவை செலவில்லாதவை. வெளியே போகும் முன் முகத்தில் தடித்த களிம்பு பூசினால் பனிக்கடி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வறட்சிக்குத்தான். பனிக்கடிக்குக் கழுத்துத்துணியை மூக்கு வரை சுற்றுவதுதான் வழி.

பலன் எப்போது தெரியும்? அவளுக்கு அரிப்பு நான்காம் நாள் இரவிலேயே குறைந்தது. செதில் மறைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. மேல் அடுக்குத் தோல் புதிதாகி மேலேறவே அவ்வளவு நாள் வேண்டும், ஆகவே பத்தாம் நாளில் அலுத்துக் கிரீமை மாற்றிவிடாதீர்கள். மிச்சமிருந்த நான்கு சந்தன சோப்பை அவள் தூக்கிப்போடவில்லை. மே மாதம் பனி உருகியதும் ஒன்றைப் பிரித்தாள், கழுத்துக்கும் கைக்கும் மட்டும். சித்தியிடம் போனில், "நீங்கள் கொடுத்த சோப்புதான் போடுகிறேன்" என்று சொன்னாள். எந்த மாதத்திலிருந்து என்று சித்தி கேட்கவில்லை.